வடிகட்டிய பின் எஞ்சும் ரா கோப்புகளில் எவற்றை வைத்துக்கொள்வது?

ஒளிப்படங்களை வடிகட்டும் வேலையில் மோசமானவற்றை நீக்குவதை விட நீக்கிய பின் எஞ்சுபவற்றைப் பற்றி முடிவெடுப்பதே கடினமானது என்பது, பொழுதுபோக்காகப் படமெடுக்கும் எவருக்கும் வன்தட்டு நிரம்பும் நாளில்தான் தெரிய வருகிறது. கவனக்குவியம் தவறியதையும் பறவை பாதி வெளியேறிவிட்ட சட்டகத்தையும் நீக்க யாருக்கும் தயக்கம் இராது. மிகச் சிறந்த பத்துப் பன்னிரண்டை வைத்துக்கொள்வதிலும் ஐயம் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவில், ‘நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை வைத்து இப்போது எதுவும் செய்யப் போவதில்லை’ என்னும் நிலையில் நிற்கும் நூற்றுக்கணக்கான ரா கோப்புகள்தான், அதாவது கேமராவின் உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புகள்தான், இடத்தை அடைத்துக்கொள்கின்றன. இந்த நடுத்தொகுதியை என்ன செய்வது என்பதற்கு நான்கு வழிகள் உண்டு. அனைத்தையும் ராவாகவே வைத்துக்கொள்ளலாம்; நடுத்தொகுதியை ஜேபெக் ஆக்கிவிட்டு ராவை நீக்கலாம்; அடோபியின் ரா வடிவமான டிஎன்ஜியில் சில விவரங்களை விட்டுச் சுருக்கி, இழப்புள்ள டிஎன்ஜி ஆக வைக்கலாம்; அல்லது முழுமையாக நீக்கிவிடலாம். இந்த நான்கையும் ஒரே ஒரு காலைப்பொழுதின் கோப்புகளைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அந்தக் காலையில் ஒரு நீர்நிலையின் ஓரம் அமர்ந்து, விடியலுக்குச் சற்று முன்பிலிருந்து கொக்குகளைப் படமெடுத்தேன். கேமரா 24 மெகாபிக்சல் கொண்டது; இழப்பில்லாமல் சுருக்கப்பட்ட 14 பிட் ரா கோப்பு ஒன்று சராசரியாக 28 எம்.பி. வருகிறது. கொக்கு மீனைக் குத்தும் கணத்துக்காகத் தொடர்சொடுக்கில் எடுத்ததால் மொத்தம் 1,460 சட்டகங்கள் சேர்ந்துவிட்டன, ஏறக்குறைய 40.9 ஜி.பி. முதல் சுற்று வடிகட்டலில் 950 சட்டகங்கள் கழிந்தன. எஞ்சிய 510இல் 12 படங்களுக்கு ஐந்து நட்சத்திரமும், 88 படங்களுக்கு மூன்று நட்சத்திரமும், 410 படங்களுக்கு ஒரு நட்சத்திரமும் கொடுத்தேன். அந்த 510 கோப்புகளும் சேர்ந்து 14.3 ஜி.பி. இடம் பிடித்தன. ஒரு காலைக்கு இது பெரிதாகத் தோன்றாவிட்டாலும், ஆண்டுக்கு அப்படி நாற்பது காலைகள் அமைந்தால் அறுநூறு ஜி.பி.க்கு நெருங்கிவிடுகிறது, காப்புப் பிரதி ஒன்றுக்கும் அதே அளவு இடம் வேண்டும்.

வழிகளை ஒப்பிடும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன 950 கழிவுகளே 26.6 ஜி.பி., அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மென்பொருளில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று கொடி குத்துவதாலோ, அதன் படப்பட்டியலான கேட்டலாகிலிருந்து மட்டும் அகற்றுவதாலோ வன்தட்டில் ஒரு பைட்டும் விடுபடுவதில்லை. வடிகட்டிவிட்டதாக நாம் நம்பிக்கொண்டிருக்கும் பழைய கோப்புறைகளில் இந்தக் கழிவுகள் அப்படியே கிடப்பது மிகவும் பொதுவானது. எந்த வடிவத்துக்கு மாற்றுவது என்று யோசிக்கும் முன், கோப்புறையின் அளவையும் மென்பொருள் காட்டும் படங்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. 510 படங்கள் மட்டுமே தெரியும் கோப்புறை 40 ஜி.பி. இருந்தால், அதில் இன்னும் வடிகட்டல் நிகழவில்லை. கொடிகள் மட்டுமே குத்தப்பட்டிருக்கின்றன.

இனி முதல் வழி: எஞ்சிய 510ஐயும் ராவாகவே வைத்துக்கொண்டு பெரிய வன்தட்டு ஒன்றை வாங்குவது. இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு கோப்பைப் பற்றி முடிவெடுக்க ஐந்து நொடி ஆகும் என்று கொண்டால், இருபதாயிரம் பழைய கோப்புகளை மறுபடி பார்ப்பதற்கு இருபத்தெட்டு மணி நேரத்துக்கு அருகில் செலவாகும்; அந்த நேரத்தில் ஒருவர் பலமுறை வெளியே சென்று படமெடுத்து வந்துவிடலாம். தவறாக நீக்கிவிடும் ஆபத்தும் இதில் இல்லை. ஆனாலும் இந்த வழியின் உண்மையான விலை ஒரு வன்தட்டோடு நிற்பதில்லை. அதற்கு இணையான காப்புப் பிரதி ஒன்றும், வேறோர் இடத்தில் வைப்பதற்கு இன்னொன்றும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஜி.பி.யும் மூன்று மடங்காகிறது. அதைவிடவும் என்னை உறுத்துவது வேறொன்று. 510 கோப்புகள் உள்ள கோப்புறையை மூன்று ஆண்டுகள் கழித்துத் திறக்கும்போது, ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும் நாற்பது கொக்குகளுக்கு நடுவில் நல்லதைத் தேடும் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. எடுத்த அன்று நினைவில் இருந்த வேறுபாடு அதற்குள் மறந்துபோயிருக்கும்.

பெரிய வன்தட்டை வாங்க முடிவெடுப்பவரும் முதலில் கேமராவின் ரா அமைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 24 மெகாபிக்சல் என்பது இரண்டு கோடியே நாற்பது இலட்சம் உணரிப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 14 பிட் என்றால் 42 எம்.பி. ஆகிறது. சுருக்காமல் எழுதும் கேமராக்கள் பல அதை 16 பிட் அறையில் வைத்து எழுதுவதால் கோப்பு 48 எம்.பி. வரை போகிறது. அதே தரவை இழப்பில்லாமல் சுருக்கினால் 25 முதல் 30 எம்.பி.க்குள் அடங்கிவிடும், ஒரு புள்ளியின் மதிப்பும் மாறுவதில்லை. சுருக்காத அமைப்பில் எடுத்த பழைய கோப்புகள் கைவசம் இருந்தால், அடோபியின் இலவச டிஎன்ஜி மாற்றியில் இழப்பில்லாத வடிவத்துக்கு மாற்றினாலே பாதி இடம் திரும்பக் கிடைத்துவிடுவது உண்டு. கேமராவே சுருக்கி எழுதிய கோப்புகளை அப்படி மாற்றுவதால் கிடைக்கும் இலாபம் மிகச் சிறியது. அதற்காகக் கேமரா நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் அக்கோப்பைத் திறக்கும் வாய்ப்பை இழப்பதில் பொருளில்லை.

இரண்டாவது வழி, மேலே உள்ள நூறு படங்களை ராவாக வைத்துக்கொண்டு, ஒரு நட்சத்திரப் படங்கள் 410ஐயும் முழு அளவு ஜேபெக் ஆக்குவது. நல்ல தரத்தில் ஏற்றுமதி செய்த 24 மெகாபிக்சல் ஜேபெக் சுமார் 8 எம்.பி. வரும். நூறு ராவுக்கு 2.8 ஜி.பி., 410 ஜேபெக்குக்கு ஏறக்குறைய 3.3 ஜி.பி.; ஆக மொத்தம் 6.1 ஜி.பி. முதல் வழியோடு ஒப்பிட்டால் பாதிக்கும் மேல் மிச்சம். எந்த மென்பொருளிலும், எந்தக் கருவியிலும், இன்னும் பல ஆண்டுகள் திறக்கும் வடிவமும் இதுதான்.

இதில் எதை இழக்கிறோம் என்பதை அந்தக் காலையின் ஒரு படத்தில் நெருங்கிப் பார்த்தேன். சூரியன் மேலே வந்த பின், கருமையான நீரின் முன் ஒரு வெண்கொக்கு சிறகை விரித்து நிற்கிறது. கேமராவின் திரையில் சிறகின் மேற்பகுதி ‘எரிந்துவிட்டது’ என்று சிமிட்டிக் காட்டியது. ஆனால் கேமரா காட்டும் ஒளிப்பரவல் வரைபடமும் அந்தச் சிமிட்டலும், ஒயிட் பேலன்ஸும் மாறுபாடும் ஏற்றப்பட்ட ஜேபெக்கிலிருந்து வருபவையே அன்றி ராவிலிருந்து வருபவை அல்ல. ராவைத் திறந்து ஒளியளவை முக்கால் ஸ்டாப் குறைத்தவுடன், வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் இறகுகளின் ஈர்க்குகளும் அவற்றுக்கிடையே சாம்பல் நிற மடிப்புகளும் எழுந்து வந்தன. அதே கேமரா ஜேபெக்கில் ஒளியளவைக் குறைத்தபோது, வெள்ளைத் திட்டு அதே வடிவத்தில் சாம்பல் திட்டாக மாறியது. உள்ளே எதுவும் வரவில்லை. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. உச்சியில் 255ஐ எட்டி நின்றுவிட்ட புள்ளிகளுக்கு இடையே இருந்த வேறுபாடு ஜேபெக்கில் எழுதப்படவே இல்லை என்பதால், பின்னர் எவ்வளவு திருத்தினாலும் அது வராது.

ஆனால் இந்த எடுத்துக்காட்டையே காரணமாகக் காட்டி 410 ராவையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது பிழை. முதலில் ராவைத் திறந்து, ஒளியளவும் ஒயிட் பேலன்ஸும் சரிசெய்து, அதன் பிறகு ஜேபெக்காக ஏற்றுமதி செய்தால், அந்த இறகுகள் ஜேபெக்கிலும் இருக்கும். இழப்பது இறகுகளை அன்று. அவற்றை மறுபடி வேறு விதமாக உருவாக்கும் வாய்ப்பைத்தான். ஆகவே ஜேபெக் வழியில் செல்பவர் கேமரா எழுதிய ஜேபெக்கையோ, ராவுக்குள் பொதிந்திருக்கும் முன்னோட்டப் படத்தையோ நம்பாமல், தாமே திருத்தி ஏற்றுமதி செய்ததை வைத்துக்கொள்வது நல்லது. ஒத்த ஒளியில் எடுத்த நாற்பது படங்களில் ஒன்றைத் திருத்திவிட்டு, அதே திருத்தத்தைப் பிறவற்றுக்கும் ஒட்டினால் போதும்; ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்யத் தேவையில்லை.

ராவுக்குள் பொதிந்த முன்னோட்டமே போதும் என்னும் நிலையும் உண்டு. பறவையின் இனத்தை அடையாளம் காண்பதற்காக மட்டுமே வைத்துக்கொள்ளும் பதிவுகள் அப்படிப்பட்டவை. நிக்கான் கேமராக்களின் என்இஎஃப் கோப்புகளில் பெரும்பாலும் முழு அளவு ஜேபெக் ஒன்று உள்ளே இருக்கும். அதைப் பிரித்தெடுக்க எக்ஸிஃப்டூல் என்னும் இலவசக் கருவியில் ஒரு வரி போதும்:

```
exiftool -b -JpgFromRaw -w _jfr.jpg -ext NEF .
```

இவ்வாறு பிரித்த படத்துக்கு, எடுத்த தேதி முதலிய விவரங்கள் தாமாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அவற்றைத் தனியே படியெடுக்க வேண்டும். சில கேமராக்கள் ராவுக்குள் சிறிய முன்னோட்டத்தை மட்டுமே வைக்கின்றன என்பதால், ஒரே ஒரு கோப்பில் செய்து படத்தின் அகலத்தைப் பார்த்த பிறகுதான் மற்றவற்றைத் தொட வேண்டும்.

மூன்றாவது வழியான இழப்புள்ள டிஎன்ஜி, இரண்டுக்கும் நடுவே நிற்பதால் பலரையும் கவர்கிறது. நானும் அதை நம்பிச் சில ஆண்டுகள் நடந்தேன். டிஎன்ஜி வடிவத்தை அடோபி 2004இல் வெளியிட்டது. இழப்புள்ள சுருக்கம் 2012இல் அதில் சேர்ந்தது. அளவு ஏறக்குறைய ஜேபெக்குக்கு அருகிலேயே வந்துவிடுகிறது. என் 410 கோப்புகளும் சராசரியாக 9 எம்.பி. என்றால் 3.7 ஜி.பி.; நூறு ராவோடு சேர்த்தால் 6.5 ஜி.பி. ஜேபெக் வழியைவிட 0.4 ஜி.பி.தான் அதிகம். அந்தச் சிறிய கூடுதலுக்கு ஈடாக, ஒயிட் பேலன்ஸை ராவில் போலவே பின்னரும் மாற்றலாம். வெளிச்சப் பகுதியின் விவரங்களும் பெருமளவு மீள்கின்றன. வெண்கொக்கின் படத்தை மாற்றிப் பார்த்தபோது, இறகுகள் ராவில் வந்ததைப் போலவே வந்தன. நூறு விழுக்காடு பெரிதாக்கியும் என்னால் வேறுபாடு காண முடியவில்லை. வேறுபாடு தெரிந்தது நிழலில்தான். விடியலுக்கு முன் எடுத்த ஒரு படத்தில் கரையோரப் புதரை மூன்று ஸ்டாப் தூக்கியபோது, ராவில் மென்மையான மணல்போல் பரவியிருந்த இரைச்சல், சுருக்கிய கோப்பில் சிறு சதுரத் திட்டுகளாகக் கட்டி நின்றது.

அதைவிடப் பெரிய வரம்பு ஒன்றை நான் இழந்த பிறகே புரிந்துகொண்டேன். ஒரு ஆண்டில் அந்திப்பொழுதில் எடுத்த படங்கள் முழுவதையும் இழப்புள்ள டிஎன்ஜி ஆக்கிவிட்டு மூல ராவை நீக்கிவிட்டேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ராவின் நிலையிலேயே இரைச்சலை நீக்கும் மென்பொருள் ஒன்று கைக்கு வந்தது. புதிய ராவில் அது செய்த வேலை வியப்பளித்தது. ஆனால் அந்த அந்திப் படங்களை அது ஏற்க மறுத்துவிட்டது. காரணம் எளிது. ராவில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்றை மட்டுமே பதிந்த மொசைக்காக இருக்கிறது. அந்த மென்பொருளின் வேலை அந்த மொசைக்கின் மேல்தான் நடக்கிறது. நான் உருவாக்கிய டிஎன்ஜிகளில் மொசைக் ஏற்கெனவே மூவண்ணப் படமாக இணைக்கப்பட்டுவிட்டது. கோப்பின் பெயர் நீட்சி மட்டும் ராவின் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தது. உள்ளே இருந்த பொருள் வேறு. எந்தப் படங்களுக்கு ரா மிகவும் தேவைப்பட்டதோ, அந்தப் படங்களையே நான் சுருக்கியிருந்தேன் என்பதுதான் இன்றும் வருத்தம் தருகிறது.

போட்டிகளுக்கு அனுப்பும் எண்ணம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். இயற்கை ஒளிப்படப் போட்டிகள் பலவும் இறுதிச் சுற்றுக்கு வரும் படத்தின் மூல ராவைக் கேட்கின்றன; மாற்றப்பட்ட டிஎன்ஜியை மூலமாக ஏற்காத விதிகளும் உண்டு. அப்படிப்பட்ட படத்துக்கு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த சட்டகங்களின் ராவையும் சேர்த்து வைப்பது என் வழக்கம்.

நான்காவது வழி, 410ஐயும் நீக்கிவிட்டு, 88ஐ ஜேபெக் ஆக்கி, 12ஐ மட்டும் ராவாக வைத்துக்கொள்வது. மொத்தம் 1 ஜி.பி.யைச் சற்றே தாண்டும். இதைக் கடுமையானது என்று சொல்வோர் உண்டு. பொதுவாக நானும் இதைப் பரிந்துரைப்பதில்லை; எடுத்து ஒரு மாதம்கூட ஆகாத படங்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது, ஏனெனில் எடுத்த அன்றைய எதிர்பார்ப்பு நம் கண்ணை மறைத்துக்கொண்டிருக்கும். ஆனால் ஐந்தாறு ஆண்டுகளாகத் திறக்காத கோப்புறைகளுக்கு இதைப் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. எவ்வளவு காலமாகக் கைவைக்கவில்லை என்பதை ஊகிக்கவும் வேண்டாம். லைட்ரூம் கிளாசிக்கின் ஸ்மார்ட் கலெக்‌ஷனில் `Edit Date` என்னும் விதியை இட்டு, குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் திருத்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லலாம். நான் அப்படிப் பார்த்தபோது, பழைய கோப்புறைகளில் மறுபடி கைவைத்த படங்கள் யாவும் மூன்று நட்சத்திரத்துக்கு மேற்பட்டவையாகவோ, அல்லது ஒளி கடினமாக இருந்ததால் அன்று சரியாக உருவாக்க முடியாமல் விட்டவையாகவோ இருந்தன. இந்த இரண்டாவது வகைதான் என் எண்ணத்தை மாற்றியது.

அனைத்தையும் வைத்துக்கொள்ளும் முதல் வழி தவிர மற்ற மூன்றிலும் உள்ள பொதுக் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. அவை யாவும் நட்சத்திரத்தைப் பார்த்து முடிவு செய்கின்றன. நட்சத்திரம் சொல்வது படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை. நாம் கேட்க வேண்டியதோ, இந்தப் படத்தில் ஜேபெக் தராத எதையேனும் ரா இன்னும் வைத்திருக்கிறதா என்பதை. இவ்விரண்டும் ஒன்றல்ல. சீரான ஒளியில், சரியான ஒளியளவில் எடுத்து முடித்துவிட்ட அழகான படத்துக்கு ரா அவ்வளவாகத் தேவைப்படாமல் போகலாம். விடியலுக்கு முன் உயர்ந்த ஐஎஸ்ஓவில் எடுத்த, இன்று ஒரு நட்சத்திரமே பெறும் படத்துக்கு, நாளை வரும் இரைச்சல் நீக்கியால் மூன்றாவது நட்சத்திரம் கிடைக்கலாம். ஆனால் அதற்கு ரா வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த 410ஐயும் மறுபடி பிரித்தேன். அதில் 290 சட்டகங்கள், ஏற்கெனவே மூன்று அல்லது ஐந்து நட்சத்திரம் பெற்ற படத்தின் உடன்பிறப்புகள். அதே கொக்கு, அதே நிலை, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முன்னும் பின்னும். சிறந்தது அருகில் இருக்கும்போது இவற்றுக்கு எந்த வடிவத்திலும் இடம் தேவையில்லை, எனவே நீக்கிவிட்டேன். 64 படங்கள் வேறு தருணங்களைக் காட்டின, ஆனால் பறவை மிகத் தொலைவில் இருந்தது. அன்று எவை வந்தன என்பதற்கான பதிவாக மட்டுமே பயன்படும். இவை ஜேபெக் ஆயின. 38 படங்கள் விடியலுக்கு முன்னைய மங்கல் ஒளியில் எடுத்தவை. இவற்றை ராவாகவே வைத்தேன். மிச்சம் 18 சட்டகங்கள், ஒன்பது ஒன்பதாக இணைத்து உருவாக்க வேண்டிய இரண்டு பரந்த நிலக்காட்சிகளின் துண்டுகள். தனித்தனியே பார்த்தால் அவற்றில் ஒன்றுகூட நல்ல படமில்லை. நட்சத்திரத்தை மட்டும் பார்த்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். இத்தகைய துண்டுகளை வடிகட்டலுக்கு முன்பே ஒரே வண்ணக் குறியிட்டுச் சேர்த்து வைப்பது நல்லது.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். ராவாக நிற்பவை 100, 38, 18 ஆகிய மூன்றும் சேர்ந்து 156, அவற்றுக்கு 4.4 ஜி.பி. ஜேபெக் 64க்கு அரை ஜி.பி. மொத்தம் 4.9 ஜி.பி. ஜேபெக் வழியின் 6.1ஐ விடவும், டிஎன்ஜி வழியின் 6.5ஐ விடவும் இது குறைவு. அதோடு அவ்விரண்டைவிட 56 ரா கோப்புகளைக் கூடுதலாகக் காப்பாற்றியிருக்கிறது. மிச்சம் கிடைத்தது வடிவ மாற்றத்தால் அன்று, தொடர்சொடுக்கின் உடன்பிறப்புகளை நீக்கியதால்தான். 290 கோப்புகளைச் சுருக்கி வைத்துக்கொள்வதைவிட வைத்துக்கொள்ளாமலே இருப்பது எப்போதும் சிறியதாகத்தான் இருக்கும். பறவைகளையும் விளையாட்டையும் எடுப்பவர்களுக்கு இது பெரிய இலாபம். நிலக்காட்சியோ, ஒரே அமர்வில் நின்று எடுக்கும் உருவப்படங்களோ எடுப்பவர்களுக்கு உடன்பிறப்புகள் குறைவு என்பதால் மிச்சமும் குறையும். அவர்களுக்கு ஜேபெக் வழியோ, பெரிய வன்தட்டோ இன்னும் பொருத்தமாக இருக்கக்கூடும்.

இழப்புள்ள டிஎன்ஜியை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒயிட் பேலன்ஸை மாற்ற வேண்டியிருக்கலாம், ஆனால் நிழலை ஆழமாகத் தூக்கவோ இரைச்சலை நீக்கவோ வேண்டியதில்லை என்னும் படங்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். விளக்கொளியும் பகலொளியும் கலந்த அறையில், குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்த நூற்றுக்கணக்கான குடும்ப நிகழ்ச்சிப் படங்கள் இந்த வகை. தோலின் நிறத்தைப் பின்னொரு நாள் மாற்ற விரும்பினால் ஜேபெக் சீக்கிரம் கைவிட்டுவிடும், டிஎன்ஜி தாங்கும்.

ராவில் இன்னும் ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்பதில் ஐயம் வந்தால், ராவின் வரைபடத்தையே நேரடியாகக் காட்டும் ஃபாஸ்ட்ராவியூயர் போன்ற மென்பொருளில் பார்த்துவிடலாம். வெண்கொக்கின் இன்னொரு படத்தில் கேமரா வரைபடமும் ராவின் வரைபடமும் ஒரே முடிவைச் சொல்லின. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சியில் முட்டி நின்றன. பகலொளியில் பச்சை மட்டுமே முதலில் முட்டும் என்பதால், மற்ற இரண்டிலிருந்து மென்பொருள் கொஞ்சம் மீட்டுத் தரும். மூன்றும் முட்டிவிட்டால் மீட்க எதுவும் இல்லை. அந்தப் படத்தின் ரா 28 எம்.பி. இருந்தாலும், சிறகைப் பொறுத்தவரை அதில் ஜேபெக்கைவிட அதிகமாக ஒன்றும் இல்லை.

வேலையைச் செய்யும் வரிசையில் சிலர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். வன்தட்டில் கடைசி ஜி.பி.யும் தீர்ந்துபோன நிலையில் மாற்றத்தைத் தொடங்கினால், புதிய கோப்புகள் எழுதப்படும் நடுவில் இடம் தீர்ந்து, பாதியில் வெட்டுண்ட ஜேபெக்குகள் உருவாகும். அவை சிறுபடத்தில் சரியாகத் தெரிந்தாலும், பெரிதாக்கினால் கீழ்ப்பாதி சாம்பலாக இருக்கும். கேட்டலாகும் அதே வன்தட்டில் இருந்தால் அதுவும் எழுத இடமின்றித் தடுமாறும். ஆகவே முதலில் கழிவுகளையும் உடன்பிறப்புகளையும் நீக்கி இடம் உண்டாக்கிக்கொண்டு, பிறகே ஏற்றுமதியைத் தொடங்க வேண்டும். ஏற்றுமதி முடிந்ததும் 64 ராவுக்கு 64 ஜேபெக் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து, கோப்புகளை அளவின்படி வரிசைப்படுத்தி மிகச் சிறியவற்றைத் திறந்து பார்த்தால், வெட்டுண்டவை உடனே அகப்பட்டுவிடும்.

ரா கோப்போடு சேர்ந்திருக்கும் எக்ஸ்எம்பி துணைக்கோப்பு சில கே.பி. மட்டுமே; அதில் நாம் செய்த திருத்தங்கள் பதிந்திருக்கின்றன. ராவை வைத்திருக்கும் படங்களுக்கு அதையும் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மாறாக, இடையில் உருவான டிஃப் கோப்புகளை ஒருமுறை அளவின்படி தேடிப் பார்ப்பது மிகவும் பயன் தரும். 24 மெகாபிக்சல் படத்தின் 16 பிட் டிஃப், ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பைட் என்று 144 எம்.பி. வரும், ஐந்து ராவின் இடம். லேயர்கள் இருந்தால் இன்னும் பெரிது. இரைச்சல் நீக்கிகள் எழுதும் டிஎன்ஜிகளும் மூவண்ணமாக இருப்பதால் மூல ராவைவிடப் பல மடங்கு பெருத்திருக்கும். ராவும் எக்ஸ்எம்பியும் கையில் இருக்க, அவற்றிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடிய டிஃப்பை வைத்திருக்கத் தேவையில்லை. லேயர்களில் கையால் செய்த நுண்வேலை உள்ள டிஃப்பை மட்டும் தொடக் கூடாது. அதை எந்த ராவும் திரும்பத் தராது. என் வன்தட்டில் இந்தத் தேடல் ஒன்றே, ஒரு மாதம் வடிகட்டி மீட்டதற்கு நிகரான இடத்தை ஒரு மாலையில் மீட்டுக் கொடுத்தது.

நீக்குவதை முதன்மை வன்தட்டில் மட்டும் செய்துவிட்டு, காப்புப் பிரதியை மூன்று மாதம் தொடாமல் வைக்கிறேன். முதன்மையைப் பார்த்து அப்படியே பிரதிபலிக்கும் வகையில் காப்பு மென்பொருளை அமைத்திருப்பவர்கள் அந்த மூன்று மாதமும் அதை நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தவறுதலாக நீக்கியது அன்றிரவே பிரதியிலிருந்தும் போய்விடும். அந்த இடைவெளியில் எடுக்கும் புதிய படங்களை மட்டும் தனிக் கோப்புறையாகக் கையால் பிரதியெடுத்துக்கொள்ளலாம். கொக்குகளின் அந்தக் காலையிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒரே ஒரு சட்டகத்தைப் பிரதியிலிருந்து மீட்டேன். நீக்கிய 290இல் ஒன்றில், கொக்குக்குப் பின்னால், கவனக்குவியத்துக்கு வெளியே ஒரு மீன்கொத்தி நீரில் பாய்ந்துகொண்டிருந்தது. இனம் தெரிந்தால் போதும் என்பதால் அதை ஜேபெக் ஆக்கி மற்ற 64உடன் சேர்த்துவிட்டு, அதன் பிறகே பிரதியிலும் நீக்கலை நிறைவேற்றினேன்.